நங்கநல்லூர்ல இருந்து வடவள்ளிக்கு: பேக் பண்ண பசங்களுக்கு 4 ஸ்டார், ஆபீஸுக்கு 1

மொத்தமா ஒரு ரேட்டிங்தான் குடுக்க முடியும்னா 2. ஏன்னு நீளமா எழுதுறேன், வீடு மாத்தப் போறவங்க பொறுமையா படிங்க.

வீட்டுக்காரருக்கு கோயம்புத்தூருக்கு டிரான்ஸ்ஃபர். நங்கநல்லூர்ல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 2 பிஎச்கே வீட்டு சாமான் எல்லாம் வடவள்ளிக்குப் போகணும். இந்த பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனி ஆள் வீடியோ கால்லயே சர்வே பண்ணாரு. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், கிரைண்டர், பைக், லாஃப்ட்ல இருக்கிற கொலு பொம்மை பெட்டி வரைக்கும் காட்டினேன், படிக்கட்டையும் மேல இருந்து கீழ வரைக்கும் நடந்தே காட்டினேன். 34,000 ரூபாய், பேக்கிங், லோடிங், அன்லோடிங், டோல் எல்லாம் சேர்த்து, நம்ம சாமான் மட்டும் ஏத்துற தனி வண்டி, சனிக்கிழமை ராத்திரி கிளம்பினா ஞாயிறு மதியம் வீட்டு வாசல்லன்னு வாட்ஸ்அப்ல எழுதியே அனுப்பினாங்க. டோக்கன் அட்வான்ஸ் 5,000 ஜிபேல போட்டாச்சு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். பேக் பண்ண வந்த பசங்க தங்கம். அதுலயும் அந்த டீமுக்கு மூத்தவரா ஒரு அண்ணன் வந்திருந்தாரு, பொம்மைப் பெட்டியைத் திறந்து பார்த்ததுமே "இது மண்ணா, காகிதக்கூழாம்மா?"ன்னு கேட்டாரு. அத்தையோட பண்ருட்டி மண் பொம்மைங்க, நாப்பது வருஷத்துக்கு மேல ஆனது. உடனே பழைய காட்டன் புடவை இருக்கான்னு கேட்டு வாங்கி, ஒவ்வொரு பொம்மையோட கழுத்து, கை பக்கம் துணிய சுத்தி, அதுக்கு மேல நியூஸ்பேப்பர், அதுக்கு மேல பபுள் ராப், படுக்க வைக்காம நிக்க வச்சே அடுக்கினாரு. நேரா பபுள் ராப்ப சுத்தினா பழைய பெயிண்ட் ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வந்துடும்னு சொன்னாரு, எனக்கு அது தெரியாது. பெட்டி மேல ஸ்கெட்ச்ல பெருசா "மேல எதுவும் வைக்காதே"ன்னு எழுதி அம்புக்குறியும் போட்டாரு. ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது குடுத்த டிரான்சிட் போல்ட் எங்கன்னு கேட்டு பின்னாடி முறுக்கினாரு (அது இல்லாம ஏத்தினா டிரம் ஆடி ஆடி உள்ள போயிடுமாம்), கிரைண்டர் கல்ல தனியா எடுத்து சாக்குல கட்டினாரு, ஊறுகாய் ஜாடிங்களை அரிசி டிரம்முக்குள்ள துணியோட இறக்கினாரு. ஃப்ரிட்ஜ நிக்க வச்சேதான் ஏத்தினாங்க.

பிரச்சனை எல்லாம் வண்டி கிளம்பின அப்புறம்தான்.

ஞாயிறு மதியம் வரல. போன் பண்ணா "டிராஃபிக் மேடம்". ராத்திரி போன் பண்ணா "டிரைவர் ரெஸ்ட் எடுக்குறாரு மேடம்". சென்னை டு கோவை ஐநூறு கிலோமீட்டர்தான், ஒரு ராத்திரி ஓட்டம். திங்கள் முழுக்க போனே எடுக்கல, நாங்க காலி வீட்ல பாய் விரிச்சு படுத்து ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம், பையனோட ஸ்கூல் யூனிஃபார்ம் கூட அந்த வண்டிக்குள்ளதான். செவ்வாய் சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வந்துச்சு. எங்க அபார்ட்மெண்ட்ல ஆறு மணிக்கு மேல சாமான் இறக்க விடமாட்டாங்க, அதனால அவங்களுக்கும் அவசரம்.

வந்தது வேற வண்டி! லாரி ரசீது, அதான் எல்ஆர் காப்பில இருக்கிற நம்பர் வேற, வாசல்ல நின்ன வண்டி நம்பர் வேற. டிரைவர் பாவம், கேட்டதும் உண்மையைச் சொல்லிட்டாரு, சேலம் குடோன்ல இறக்கி வேற லோடோட சேர்த்து ஏத்தினாங்களாம். உள்ள எட்டிப் பார்த்தா யாரோட வீட்டு டிரெட்மில்லோ நிக்குது, அது எங்க கொலு பெட்டி மேலதான் சாய்ஞ்சு நிக்குது, பெட்டியோட அம்புக்குறி தலைகீழா தரையைப் பார்த்து இருக்கு.

அதையும் உடனே இறக்கல. முதல்ல பாக்கி பணம். 34,000க்கு மேல 18% ஜிஎஸ்டி 6,120, மாடிக்கூலி 2,500, டிரைவர் பேட்டா 1,000, மொத்தம் 43,620, காசு வந்தாதான் கதவைத் திறப்போம்னு ஆபீஸ்ல இருந்து போன். படிக்கட்டை சர்வேல காட்டின வீடியோ என்கிட்ட இருக்கு, வாட்ஸ்அப்ல "எல்லாம் சேர்த்து"ன்னு நீங்க எழுதினதும் இருக்குன்னு சொன்னதும் மாடிக்கூலியும் பேட்டாவும் காணாம போச்சு. ஜிஎஸ்டி கேக்குறீங்கல்ல, ஜிஎஸ்டி நம்பரோட பில் குடுங்க கட்டுறேன்னேன். அதுக்கு அந்த ஆள் "பில் வேணாம்னா 3,500 போடுங்க மேடம், முடிச்சுக்கலாம்"ங்கிறாரு. கவர்மெண்டுக்குப் போற வரிய பாதி விலைக்குப் பேரம் பேசுற ஊர் நம்ம ஊர்தான். மணி அஞ்சாகிடுச்சு, வேற வழியில்லாம 37,500ல முடிச்சோம். நான் குறிப்புல "மிரட்டி வாங்கினது"ன்னு போட்டே ஜிபே பண்ணேன்.

இறக்க வந்தது கம்பெனி ஆளுங்களே இல்ல, டிரைவர் பக்கத்து ஸ்டாண்டுல இருந்து கூப்பிட்டு வந்த ரெண்டு பேர். ஃப்ரிட்ஜை படியில இடிச்சு ஒரு பக்கம் நல்லா ஒடுங்கிடுச்சு, பீரோ கண்ணாடி குறுக்கால கீறல். பொம்மைப் பெட்டியை நானே உட்கார்ந்து பிரிச்சேன், பிரிக்கிறதை வீட்டுக்காரர் வீடியோ எடுத்தாரு. தசாவதாரத்துல நரசிம்மரும் வாமனரும் போச்சு, செட்டியார் பொம்மைக்கு கழுத்து இல்ல, கல்யாண ஊர்வலத்துல நாதஸ்வரக்காரர் ரெண்டா கிடக்குறாரு. அவ்வளவு கனம் மேல விழுந்தும் மீதி தப்பிச்சதுன்னா அது அந்த அண்ணன் சுத்தின புடவைதான். ஜாடி ஒன்னு கூட கீறல. வாஷிங் மெஷின் ஜம்முனு ஓடுது.

இன்சூரன்ஸ்னு தனியா 6,000 வாங்கினாங்க, சாமான் மதிப்பு ரெண்டு லட்சம்னு போட்டு அதுல 3%. கிளைம் கேட்டப்போ "கண்ணாடி, மண் சாமானுக்கு வராது மேடம்". அப்போ எதுக்குத்தான் வரும்? பாலிசி நம்பர் கேட்டா பதில் இல்ல. அவங்க குடுத்த பேப்பரை எடுத்துப் பார்த்தா எந்த இன்சூரன்ஸ் கம்பெனி பேரும் அதுல இல்ல, இவங்க லெட்டர்ஹெட்ல இவங்களே அடிச்சு சீல் வச்சது.

டெலிவரி பேப்பர்ல "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"ங்கிற வரியை அடிச்சிட்டு, என்னென்ன உடைஞ்சிருக்கு, வண்டி நம்பர் மாறியிருக்குன்னு எழுதி டிரைவர்கிட்டயும் கையெழுத்து வாங்கிதான் நான் கையெழுத்துப் போட்டேன். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளெயிண்ட் போட்டாச்சு. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர், ரோடு மூலமா சரக்கு அனுப்புற 2007 சட்டப்படி புக் பண்ண தேதியில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும்னு சொன்னதால அதையும் ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்பிட்டோம். அதுக்கப்புறம்தான் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு, 4,000 தர்றோம், ரிவ்யூ மட்டும் போடாதீங்கன்னு. இன்சூரன்ஸ்னு வாங்கின 6,000ஐக் கூட திருப்பித் தர மனசில்ல பாருங்க.

இந்த கம்பெனில புக் பண்ணியே ஆகணும்னா உள்ளூர்ல ஒரு ஏரியால இருந்து இன்னொரு ஏரியா போறதுக்கு மட்டும் பண்ணுங்க, ஏத்துற ஆளே கூட வந்து இறக்குவாரு, வண்டியும் நம்ம கண்ணு முன்னாடியே போகும். வெளியூர்னா வேண்டாம். ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் ரிப்பேர் எஸ்டிமேட் வாங்கி மெயில் பண்ணியிருக்கேன், பதில் வந்தா இங்கயே சேர்த்து எழுதுறேன்.