அம்மாவின் காரியத்தில் உடன் நின்றவர்களுக்கு

காங்கயம்
பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்

பெரியவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

கொள்ளி வைத்தது தம்பி. எழுதுவது மூத்தவள் நான். பதினொரு பேருக்கும் இதே கடிதம்தான் வருகிறது. யாருக்கு எவ்வளவு என்பதும் இதிலேயே இருக்கிறது. அதற்குக் காரணம் அம்மாதான். எங்கள் அப்பாரு இறந்தபோது, பறை அடித்தவர்கள் கூலிக்காகப் பொழுது சாயும் வரை புளியமரத்தடியில் காத்திருந்தார்களாம். உள்ளே பெரியவர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். "என் எழவில் அப்படி ஒருத்தரும் வாசலில் நிற்கக் கூடாது" என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்.

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கொண்டுவந்த ஓட்டுநர் அண்ணனுக்கு: காகித வேலை முடிய நான்கு மணி நேரம் ஆனது. நீங்கள் ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை, காத்திருப்புக் கட்டணமும் வேண்டாம் என்றீர்கள். பல்லடம் சாலையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்துகிற மாதிரி மெதுவாக ஏற்றி இறக்கினீர்கள். பின்னால் அம்மா தூங்கிக்கொண்டிருப்பது போலவே எனக்கு இருந்தது.

பறையிசைத்த ஐவருக்கு: அன்று தூறல் விட்டபாடில்லை. ஈரத்தில் தோல் தொய்ந்துபோக, கட்டுத்தறை ஓரமாகச் சோளத்தட்டைக் கொளுத்தி மறுபடி மறுபடி காய்ச்சி அடித்தீர்கள். வீட்டிலிருந்து மயானம் வரை ஒரு இடத்திலும் அடி தளரவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்துவிட்டு, உங்களுக்கு மட்டும் காகிதக் கோப்பையில் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது நீங்கள் குடித்து முடித்திருந்தீர்கள். கொடுத்தது எங்கள் உறவினர், வீடு எங்களுடையது. தவறும் எங்களுடையதுதான். மன்னிக்க வேண்டும்.

நாவிதர் அண்ணனுக்கு: எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடியவர் நீங்கள். இந்த முறை நீர்மாலையிலிருந்து பதினாறாம் நாள் வரை, அடுத்து என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியாதபோது நீங்கள் சொன்னபடிதான் நடந்தோம். தம்பியை நீங்கள் அதட்டிய இரண்டு இடங்களிலும் அதட்டல் தேவைப்பட்டது.

மயானத்தில் வேலை பார்த்த இருவருக்கு என்ன எழுதுவது என்றுதான் அதிக நேரம் யோசித்தேன். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டோம். நீங்கள் இரவு முழுக்க நனைந்தபடி, தகரத்தைச் சாய்த்துப் பிடித்துத் தீ அணையாமல் காத்திருக்கிறீர்கள். காலையில் பால் தெளிக்க வந்தபோது இடத்தைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தீர்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அது புகையால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அம்மா உங்களுக்கும் மோர் ஊற்றியவர்தானே.

பவானிக்கு வேன் ஓட்டிவந்த தம்பி, எங்கள் பெரியப்பாவைக் கூடுதுறைப் படிகளில் கையைப் பிடித்து இறக்கியது உன் வேலையே அல்ல. அங்கே காரியம் செய்துவைத்த ஐயருக்கு: மூன்று தலைமுறைப் பெயர் கேட்டபோது, தம்பிக்குப் பூட்டியின் பெயர் வரவில்லை. நீங்கள் அவசரப்படுத்தவில்லை. அத்தைக்குப் போன் செய்து கேட்டுச் சொல்லும் வரை, கையில் எள்ளும் தண்ணீருமாக அவன் நிற்க, நீங்களும் காத்திருந்தீர்கள்.

பேசிய கூலி, வாடகை, தட்சிணை எல்லாம் அன்றன்றே கொடுத்தாகிவிட்டது. உறையில் இருப்பது அதற்கு மேலான எங்கள் அன்பளிப்பு; கூலிக் கணக்கில் இதைக் கழிக்க வேண்டாம். யார் எவ்வளவு நேரம் எங்களுக்காக நின்றார்கள் என்பதை மட்டும் வைத்துப் பிரித்தோம்.

மயானத்தில் இருந்த இருவருக்கும் தலா 3,000 ரூபாய். நாவிதர் அண்ணனுக்கு 3,000. பறையிசைத்த ஐவருக்கும் தலா 2,000. குழுத் தலைவர் கையில் மொத்தமாகத் தராமல் ஐந்து உறைகளாக வைத்திருக்கிறோம். ஓட்டுநர்கள் இருவருக்கும் தலா 2,000. ஐயருக்கு 1,500. ஆக 24,500 ரூபாய். மங்கலக் காரியம் அல்ல என்பதால் ஒற்றை ரூபாய் சேர்க்கவில்லை. போர்வை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுபோல: சென்னிமலைப் போர்வை, ஆளுக்கு ஒன்று, புதியது. அம்மாவின் பழைய துணி எதையும் யாருக்கும் கட்டிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியே உங்கள் வீடுகளுக்கு வந்து தருவான். நீங்கள் வர வேண்டியதில்லை. கணக்கில் விடுபட்டது, குறைந்தது எதுவானாலும் அவனிடம் நேராகச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு திதிக்கு எல்லோரும் வர வேண்டும். ஒரே பந்தி, ஒரே இலை.

பறைக் குழுவில் இளையவர் ஒரு குச்சியைத் திண்ணையில் விட்டுச் சென்றிருக்கிறார். அதையும் அவருடைய உறையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மூத்த மகளும் தம்பியும்