இயக்கச் சமன்பாடுகளும் திசைவேகம்–காலம் வரைபடமும்
ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் பயிற்சித்தாள்

முடுக்கம் சீராக இருந்தால் மட்டும் இந்த மூன்றும் செல்லும்:

v = u + at
s = ut + ½at²
v² = u² + 2as

u தொடக்கத் திசைவேகம், v இறுதித் திசைவேகம், a முடுக்கம், t காலம், s இடப்பெயர்ச்சி. கணக்கில் எது கொடுக்கப்படவில்லை, எது கேட்கப்படவும் இல்லை என்று பாருங்கள்; அது இல்லாத சமன்பாடுதான் உங்களுக்குத் தேவை. கி.மீ./மணியை மீ/வி ஆக்க 5/18-ஆல் பெருக்குங்கள். பாதிப் பேர் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

1. வண்ணார்பேட்டை நிறுத்தத்திலிருந்து பாளைக்கு ஒரு டவுன் பஸ் நேர்சாலையில் கிளம்புகிறது. கிடை அச்சில் காலம் (வி), செங்குத்து அச்சில் திசைவேகம் (மீ/வி). O(0, 0), A(10, 10), B(30, 10), C(35, 0) என்ற புள்ளிகளைக் குறித்து, வரிசையாக நேர்கோடுகளால் இணையுங்கள்.

(அ) OA, BC பகுதிகளில் முடுக்கம் என்ன? கோட்டின் சாய்வுதான் முடுக்கம். குறியை மறக்க வேண்டாம்.

(ஆ) AB பகுதியில் பஸ் நிற்கிறதா, ஓடுகிறதா? கோடு படுத்திருக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு 'நிற்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். இது தொலைவு–காலம் வரைபடம் இல்லை.

(இ) BC கீழே இறங்குகிறது. அப்படியானால் பஸ் வண்ணார்பேட்டைக்கே திரும்புகிறதா? கோடு கால அச்சுக்கு மேலே இருக்கிறதா, கீழே போய்விட்டதா என்று பார்த்துவிட்டுக் காரணத்துடன் எழுதுங்கள்.

(ஈ) பஸ் கடந்த மொத்தத் தொலைவு எவ்வளவு? கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கணக்கிடுங்கள். பிறகு OA பகுதியை மட்டும் s = ut + ½at² கொண்டும் செய்து பாருங்கள். முக்கோணத்தின் பரப்பும் அதுவும் ஒன்றாக வர வேண்டும்.

(உ) பஸ் கிளம்பிய அதே கணத்தில் ஒரு பைக் மாறாத 10 மீ/வி வேகத்தில் அதைக் கடந்து பாளைப் பக்கம் போகிறது. அதன் கோட்டையும் அதே வரைபடத்தில் வரையுங்கள். 10-ஆவது விநாடியில் இரண்டு கோடுகளும் சேர்கின்றன. பஸ் பைக்கைப் பிடித்துவிட்டதா? அப்போது இரண்டுக்கும் நடுவே எத்தனை மீட்டர்?

2. நெல்லை சந்திப்பிலிருந்து திருச்செந்தூர் ரயில் 0.2 மீ/வி² சீரான முடுக்கத்துடன் புறப்படுகிறது என்று கொள்வோம். ஒரு நிமிடம் கழித்து அதன் வேகம் என்ன? அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

3. நாங்குநேரிப் பக்கம் ஒரு கிணற்றில் கையிலிருந்து கல்லை நழுவ விடுகிறார்கள். 2 விநாடியில் அது தண்ணீரைத் தொடுகிறது. தண்ணீர் மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? (g = 10 மீ/வி²)

4. நான்குவழிச் சாலையில் 54 கி.மீ./மணி வேகத்தில் வேன் வருகிறது. 40 மீட்டர் முன்னால் ஓர் ஆடு குறுக்கே வந்து நின்றுகொள்கிறது. ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கை மிதிக்க அரை விநாடி ஆகிறது. அதுவரை வேகம் மாறவில்லை. பிறகு 3 மீ/வி² எதிர்முடுக்கம். ஆடு தப்புமா? வேன் 36 கி.மீ./மணியில் வந்திருந்தால்? இரண்டு நிலைகளுக்கும் வரைபடத்தை ஒரே தாளில் வரையுங்கள். அரை விநாடிக்கான செவ்வகம் இரண்டிலும் இருக்க வேண்டும்.

விடைகள்
1 (அ) 1 மீ/வி², −2 மீ/வி². (ஈ) 275 மீ. (உ) 50 மீ
2. 12 மீ/வி, 360 மீ
3. 20 மீ
4. நிற்பதற்குத் தேவையான தூரம் 45 மீ, 36 கி.மீ./மணியில் வந்தால் ஏறத்தாழ 21.7 மீ