நாம்

அச்சத்தைக் குறிக்கும் சொற்களை மெல்லியதிலிருந்து கடியது வரை வரிசைப்படுத்தும் வேலை அன்றிரவோடு முடிந்துவிடும் என்றே எண்ணியிருந்தேன். ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் அடுக்கினேன்: நெருடல், கலக்கம், மருட்சி, அச்சம், திகில், கிலி, பீதி, குலைநடுக்கம். இவற்றில் பீதி மட்டும் இடறியது. கிலி ஒருவனைப் பிடிக்கும், பீதியோ பரவும். பரவுவதற்கு இரண்டு பேராவது வேண்டும் என்பதால், தனியாள் அச்சத்தைச் சொல்லும் இந்த வரிசையில் அதற்கு இடமில்லை என்று முடிவு செய்து, அந்த அட்டையை இழுப்பறைக்குள் போட்டேன்.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது வரிசை சற்று நீண்டிருப்பதுபோல் ஒரு நெருடல். எண்ணினேன். எட்டு. பீதி தன் பழைய இடத்திலேயே இருந்தது.

மறதிதான் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் உள்ளே போட்டு, இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்தேன். ஆனாலும் மனம் தெளியவில்லை. கலக்கம் என்பது நல்ல சொல். அடியில் படிந்து கிடந்தது எழும்பி மேலே வருவதை அது அப்படியே காட்டிவிடுகிறது. எழுந்து கதவுகளையும் சன்னல்களையும் பார்த்தேன். எல்லாம் உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தன. ஆறுதல் தந்திருக்க வேண்டிய அந்த உண்மை, உள்ளே இருப்பது எதுவாயினும் அது வெளியேறவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னபோது, முதன்முறையாக எனக்கு அச்சம் வந்தது.

மேசைக்குத் திரும்பினேன். கிலிக்கு அடுத்துப் பீதி இருந்தது. நடுங்கும் விரல்களால் பூட்டைத் திறந்து பார்த்தேன். இழுப்பறை வெறுமையாக இருந்தது. மேசையில் ஒன்பதாவதாக ஓர் அட்டையும் சேர்ந்திருந்தது. அதில் 'நாம்' என்று எழுதியிருந்தது.

பேம், நாம், உரும் ஆகிய மூன்றும் அச்சப் பொருள் தருவன என்று தொல்காப்பியத்தின் உரியியல் கூறுகிறது. பழஞ்சொற்கள் வேண்டாம் என்று நான்தான் ஒதுக்கியிருந்தேன். எனவே நானே எழுதி மறந்திருக்க வேண்டும். அப்படியானால் பேமும் உருமும்கூட இங்கேதான் எங்கேனும் கிடக்க வேண்டும் என்று, மூழ்குபவன் துரும்பைப் பற்றுவதுபோல் அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டு, தாள்களையெல்லாம் கலைத்துத் தேடினேன். அவை இல்லை. மூன்றில் இன்றும் அன்றாடம் நாம் வழங்கும் சொல் ஒன்றுதான் அங்கே இருந்தது, வேறொரு பொருளோடு.

அட்டையைத் தொட்டேன். மை என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் கவனித்தேன்: அந்த எழுத்துகள் எனக்குத் தலைகீழாக இருந்தன, எதிர்ப்புற நாற்காலியில் அமர்ந்து எழுதியவருக்கு அவை நேராகவே இருந்திருக்கும். திகிலா கிலியா என்று பிரித்தறியும் புலமை என்னிடம் அப்போது எஞ்சியிருக்கவில்லை. எழ முயன்றேன், கால்கள் கேட்கவில்லை. வரிசையின் கடைசி அட்டை, நான் தொடாமலேயே, மேசைமேல் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.