ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு: தொடக்க உரை

தேர்வாளர்களுக்கும் என் நெறியாளருக்கும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று படித்த சொல் இன்று நினைவிருக்கும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் விழிப்போம். படித்தது எப்படி நழுவுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார். இடைவெளி விட்டுப் படித்தால் கூடுதலாக நிற்கும் என்பதும் புதிதல்ல. சரி, எவ்வளவு இடைவெளி? என் கேள்வி அதுதான். புதிய மொழி கற்பவர் முதல் திருப்புதலை மறுநாளே செய்தால் சொற்கள் அதிக நாள் நிற்குமா, ஒரு வாரம் பொறுத்துச் செய்தால் நிற்குமா?

சின்னக் கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை முடிந்து இரவில் அரை மணி நேரம் மட்டுமே படிக்கக் கிடைப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

முதலில், சோதனையை எப்படி அமைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.