இன்னொரு கம்ப்ரசர் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வணக்கம்ங்க அண்ணா,

சுந்தராபுரத்தில் கம்ப்ரசர், ஏர் லைன் சர்வீஸ் செய்கிறேன். குறிச்சி சிட்கோவில் உங்களுக்கு நாலு ஷெட் தள்ளி சிஎன்சி ஜாப் ஒர்க் செய்கிற அண்ணன்தான் உங்கள் நம்பரைக் கொடுத்தார். காற்று பத்தாமல் நீங்கள் புதிதாக ஒரு 10 எச்பி பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அட்வான்ஸ் கொடுப்பதற்குள் அவர் ஷாப்பில் நடந்ததைக் கேட்டுவிடுங்கள். உங்களிடம் சொல்லச் சொன்னதும் அவரேதான்.

அவரிடம் இருப்பது 15 எச்பி பிஸ்டன் கம்ப்ரசர். மதியத்துக்கு மேல் பிரஷர் இறங்கி, மெஷின்கள் ஏர் அலாரம் அடித்து நின்றுவிடும். கட்-ஆஃபை ஏற்றி வைத்துப் பார்த்தார். பிரஷர் ஏற ஏற ஓட்டை வழியாகப் போகிற காற்றும் கூடும், அதனால் கரண்ட் பில்தான் ஏறியது. கடைசியில் அவரும் இரண்டாவது கம்ப்ரசருக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டோம். யாருமே காற்று எடுக்காத ஷெட்டில் அது 80 விநாடி லோடில் ஓடி, 2 நிமிடம் அன்லோடில் இருந்து, மறுபடி லோடுக்கு வந்தது. 200 விநாடியில் 80, அதாவது கம்ப்ரசர் தருகிற காற்றில் 40 சதவீதம் லீக்கிலேயே போய்க்கொண்டிருந்தது! சோப்புத் தண்ணீர் அடித்துத் தேடினோம். தேய்ந்த குயிக் கப்ளர்கள், ஏர் கன் ஹோஸில் தளர்ந்த கிளிப்புகள், விரிசல் விட்ட ஒரு ஃபில்டர் பவுல். எல்லாவற்றையும் விடப் பெரியது டேங்குக்கு அடியில் சரியாக மூடாத டிரெயின் வால்வு. வேலை நேரத்துச் சத்தத்தில் இந்த 'ஸ்ஸ்' யார் காதிலும் விழாது.

அன்றே எல்லாவற்றையும் மாற்றினோம். பொருள், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். மறுபடி அதே டெஸ்ட் வைத்தபோது ஒரு நிமிடத்துக்குள் நிரம்பி, 8 நிமிடம் அன்லோடில் இருந்தது. லீக் 10 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் கட்-ஆஃபையும் பழையபடி இறக்கினோம். அடுத்த மாதம் கம்ப்ரசரின் சப் மீட்டரில் 900 யூனிட் குறைவு. மதிய அலாரம் நின்றது, கொட்டேஷனையும் திருப்பிவிட்டார்.

உங்கள் ஷாப்பிலும் 40 சதவீதம் லீக் இருக்கும் என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். 10 சதவீதத்துக்குள் இருந்து, அப்போதும் காற்று பத்தவில்லை என்றால் புது கம்ப்ரசர் வாங்கத்தான் வேண்டும். அதையும் நானே சொல்லிவிடுவேன். உங்களிடம் இருப்பது ஸ்க்ரூ கம்ப்ரசர் என்றாலும் லோடு, அன்லோடு கணக்கு இதேதான்.

வருகிற ஞாயிறு காலை 8 மணிக்கு வரட்டுமா? ஒரு மணி நேரம் போதும், டெஸ்டுக்குப் பணம் வேண்டாம். லைனைத் திறந்துவிட உங்கள் ஆள் ஒருவர் இருந்தால் சரி. அதற்கு முன்னால் அந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள், டிரெயின் வால்வைக் கழற்றி அங்கேயே வைத்திருக்கிறார்.

நன்றிங்க.
கம்ப்ரசர் சர்வீஸ், சுந்தராபுரம்