பாப்பாவின் தலை ஸ்கேனில் தெரிந்த கருப்பு இடம் பற்றி

வணக்கம் டாக்டர்,

நான் கோத்தகிரியிலிருந்து கவிதா. 33 வாரத்திலேயே 1.7 கிலோவில் பிறந்து, நீங்கள் என்ஐசியூவில் வைத்துப் பார்த்த பெண் குழந்தையின் அம்மா. பாப்பாவுக்கு இப்போது 11 வாரம் ஆகிறது. நீங்கள் எழுதிக்கொடுத்த தலை ஸ்கேனை வேறொரு இடத்தில் எடுத்தோம், உச்சிக்குழி வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்தான். இடது வென்ட்ரிக்கிளின் ஓரத்தில் 6 மி.மீ. அளவில் கருப்பாக ஓர் இடம் தெரிகிறது, வென்ட்ரிக்கிள்கள் பெரிதாகவில்லை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அங்கே கேட்டால் "உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பதோடு முடித்துவிட்டார்கள். ரிப்போர்ட்டையும் படங்களையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

இந்த ஸ்கேனில் கருப்பு என்றால் பெரும்பாலும் நீர் என்று இங்கே நர்ஸ் அக்கா சொன்னார். சரி, அந்த நீர் அங்கே எப்படி வந்தது? குறைமாதக் குழந்தைகளுக்கு மெல்லிய ரத்தக்குழாய் கசிந்து, அது வற்றியபின் சின்ன நீர்க்கட்டியாக நிற்கும் என்கிறார்களே, அதுவா? இல்லை, ஆக்சிஜன் போதாமல் மூளையின் வெள்ளைப் பகுதி சிதைந்த இடமா? இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குப் புரிகிறது, அதனால்தான் கேட்கிறேன். கெட்ட செய்தியாக இருந்தாலும் பூசி மெழுகாமல் சொல்லுங்கள் டாக்டர். தெரியாமல் ராத்திரி முழுக்க அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என்னால் முடியவில்லை.

நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். பால் நன்றாகக் குடிக்கிறாள், வாந்தி இல்லை, வெட்டு மாதிரி எதுவும் வரவில்லை, அழாதபோது உச்சிக்குழி புடைக்கவில்லை. தலைச்சுற்றளவு டிஸ்சார்ஜ் அன்று 32.5 செ.மீ., இப்போது 37. இது சரியான வேகமா? இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, முன்னாடியே பிறந்த வாரங்களைக் கழித்துப் பார்த்தால் ஒரு மாதக் குழந்தைதானே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் வலது கையை இடது கையைவிட அதிக நேரம் இறுக்கி மூடியே வைத்திருக்கிறாள். கட்டி இடப் பக்கம் என்பதால் இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை, தேவையென்றால் வீடியோ எடுத்து அனுப்புகிறேன்.

எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா, இல்லை சில வாரம் கழித்து இதே ஸ்கேனைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் போதுமா? எம்ஆர்ஐ என்றால் கோயம்புத்தூருக்குத்தான் இறங்கணும். மயக்க மருந்து கொடுப்பார்களா, பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்கவைத்தே எடுக்க முடியுமா? மருந்து என்றால் எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் பாலை நிறுத்த வேண்டும் என்றும் எழுதுங்கள், வளைவுகளில் மூடுபனி இருந்தால் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது, பசியில் அழுதுகொண்டே வருவாள். பிசியோதெரபியை இப்போதே ஆரம்பிப்பது நல்லது என்றால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் தயார்.

அப்புறம், அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையைத் தொடவே பயப்படுகிறார். மெதுவாகத் தேய்க்கலாமா?

வரும் புதன்கிழமை 10 வாரத் தடுப்பூசிக்கு நர்ஸ் வரச் சொல்லியிருக்கிறார். ஏற்கனவே ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு போடலாமா என்று மட்டுமாவது அதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள் டாக்டர். பகலில் போன் செய்தாலும் எடுப்பேன், வீட்டில்தான் இருக்கிறேன்.

நன்றியுடன்,
கவிதா