முதல் பருவத் தேர்வு: 7 ஆ பிரிவுப் பெற்றோருக்கு வகுப்பாசிரியையின் கடிதம்

அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி,
திருப்பூர்.
6.9.2024

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவத் தேர்வு வரும் செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. எந்த நாளில் என்ன பரீட்சை, எதுவரை படிக்க வேண்டும் என்பதைக் கீழே அட்டவணையாகக் கொடுத்திருக்கிறேன். வேலையிலிருந்து நீங்கள் வீடு வந்து சேரவே இரவு ஒன்பது ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தைப் பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் அம்மாயியோ பெரியம்மாவோ இருந்தால் அவர்களும் கூட உட்கார்ந்து கேட்கட்டும், ஏனென்றால் மாலையில் பிள்ளையோடு இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். ஹிந்தி பேசும் வீடுகளில் பிள்ளைகள் படித்துவிட்டுத் தங்கள் மொழியில் சொல்லட்டும். அவர்களால் அது முடியும், வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.

எல்லாப் பரீட்சையும் காலை 10 மணி முதல் 12 மணி வரை. 60 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு. மீதி 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டிலிருந்து வரும்: செயல்பாடுகள், செயல்திட்டம், சிறுதேர்வுகள். இரண்டும் சேர்ந்துதான் 100.

| நாள் | பாடம் | தேர்வுக்குரிய பகுதி | கூடுதலாகக் கவனிக்க |
|---|---|---|---|
| 20.9.2024 வெள்ளி | தமிழ் | இயல் 1, 2, 3 முழுவதும். இலக்கணம்: குற்றியலுகரம், குற்றியலிகரம், நால்வகைக் குறுக்கங்கள், வழக்கு | மனப்பாடப் பாடல்களையும் திருக்குறளையும் பார்க்காமல் எழுதிப் பழக வேண்டும் |
| 23.9.2024 திங்கள் | ஆங்கிலம் | முதல் பருவப் புத்தகத்தில் உள்ள உரைநடை, செய்யுள், துணைப்பாடம் அனைத்தும். இலக்கணப் பயிற்சிகள், கடிதம் எழுதுதல் | மனப்பாடச் செய்யுள், பாடத்தின் பின்னால் உள்ள சொற்கள் எழுத்துப்பிழை இல்லாமல் |
| 24.9.2024 செவ்வாய் | கணிதம் | எண்ணியல், அளவைகள், இயற்கணிதம், நேர் மற்றும் எதிர் விகிதங்கள், வடிவியல், தகவல் செயலாக்கம் | ஜாமெட்ரி பாக்ஸ் கட்டாயம். இணைகரம், சாய்சதுரம், சரிவகம் பரப்பளவுச் சூத்திரங்கள் |
| 25.9.2024 புதன் | அறிவியல் | அளவீட்டியல், விசையும் இயக்கமும், நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருட்கள், அணு அமைப்பு, தாவரங்களின் இனப்பெருக்கம், உடல்நலமும் சுகாதாரமும், கணினிப் பாடம் | பூவின் படமும் அணுவின் படமும் பாகம் குறித்து வரைய வேண்டும் |
| 26.9.2024 வியாழன் | சமூக அறிவியல் | வரலாறு: இடைக்கால வரலாற்று ஆதாரங்கள், வட இந்தியப் புதிய அரசுகள், பிற்காலச் சோழர் பாண்டியர், டெல்லி சுல்தானியம். புவியியல்: புவியின் உள்ளமைப்பு, நிலத்தோற்றங்கள், மக்கள்தொகையும் குடியிருப்பும். குடிமையியல்: சமத்துவம், அரசியல் கட்சிகள். பொருளியல்: உற்பத்தி | வரைபட வினா உண்டு. இந்திய வரைபடம் மூன்று வாங்கி இடங்களைக் குறித்துப் பழக வேண்டும் |
| 27.9.2024 வெள்ளி | உடற்கல்வி | மைதானத்தில் செயல்முறை | விளையாட்டு உடை, ஷூ |

இடையில் 7ஆம் தேதி விநாயகர் சதுர்த்தி, 17ஆம் தேதி மீலாது நபி, இரண்டு நாளும் விடுமுறை. 17ஆம் தேதி பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் வருகிறது. அன்றைக்கு ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் இந்த ஒரு தடவை தள்ளிப்போடுங்கள்.

பட்டியலில் அதிகம் இருப்பது சமூக அறிவியல். பிள்ளைகள் அதைக் கடைசி ராத்திரிக்கு வைத்துக்கொண்டு திணறுகிறார்கள். நான்கு வரலாற்றுப் பாடங்களையும் பரீட்சை தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை முடித்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வீட்டிலும் ஞாபகப்படுத்துங்கள்.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. போன மாதச் சிறுதேர்வில் இந்தக் கணக்கைக் கேட்டிருந்தேன்: ஓர் ஆர்டரை 8 டெய்லர்கள் 6 நாளில் முடிப்பார்கள். அதே ஆர்டரை 12 டெய்லர்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 9 நாள் என்று எழுதியிருந்தார்கள். வரிசையாகப் பெருக்கி, வகுத்து, அடியில் கோடு போட்டு, அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியுமே, நாள் எப்படிக் கூடும் என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கவில்லை. சரியான விடை 4 நாள். நேர் விகிதம் எது, எதிர் விகிதம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர்.

இந்தக் கணக்கை உங்களில் யாரிடம் கேட்டாலும் பேப்பர் பேனா இல்லாமல் சொல்லிவிடுவீர்கள். ஷிப்மென்ட் நெருங்கும்போது லைனில் ஆள் கூட்டுவதும் நாள் குறைவதும் உங்களுக்கு அன்றாடம். "எங்களுக்குப் படிப்பு இல்லைங்க டீச்சர், நாங்க என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது" என்று பெற்றோர் கூட்டத்தில் பலர் சொல்கிறீர்கள். எனக்கு அதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது. சாப்பிடும்போது உங்கள் கம்பெனிக் கணக்கையே ஒன்றிரண்டு கேளுங்கள். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்றால் 40 பீஸுக்கு எவ்வளவு? இது நேரா, எதிரா? விடை தப்பாக வந்தால் திட்ட வேண்டாம், "எப்படிடா வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது தப்பு எங்கே என்று அவனே பிடித்துவிடுவான்.

குறை எண்களும் அப்படித்தான். −7 − (−3) என்று பார்த்தவுடன் −10 என்று எழுதிவிடுகிறார்கள். ஏழு ரூபாய்க் கடனில் மூன்று ரூபாய்க் கடனைக் கழித்துவிட்டால் மிச்சக் கடன் எவ்வளவு? நாலு ரூபாய். அதனால் விடை −4. கடையில் கணக்கு எழுதி வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது புரியாமல் போகாது.

இன்னொன்றையும் மனசுவிட்டுச் சொல்கிறேன். "எட்டாவது வரைக்கும் எப்படியும் பாஸ்தானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சிலர் நினைக்கிறீர்கள். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை என்பது உண்மை. பிள்ளை பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஏழாம் வகுப்பில் எதிர் விகிதம் புரியாத பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போய் உட்காரும்போது, போர்டில் எழுதுவது எதுவும் தலையில் ஏறாது. அங்கே இருக்கும் ஆசிரியருக்கு ஏழாம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்பி வர நேரம் இருக்காது. அப்படித் தடுமாறிப் பத்தாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்கு வந்த பிள்ளைகளை நான் இந்த ஊர் பஸ் ஸ்டாப்பிலேயே பார்க்கிறேன். என்னிடம் படித்தவர்கள். "வணக்கம் டீச்சர்" என்று சிரிக்கும்போது எனக்குத்தான் மனசு கேட்பதில்லை.

தீபாவளிக்கு முந்தைய இந்த மாதங்களில் வேலை நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, வீட்டுக்கும் மூட்டை வருகிறது. பிள்ளைகளும் கூட உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறார்கள். இரண்டு பேர் ஆள்காட்டி விரலில் கத்தரி அழுத்திய தடத்தோடு பேனா பிடிப்பதைப் பார்த்தேன். உங்கள் கஷ்டத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் 9ஆம் தேதியிலிருந்து 26ஆம் தேதி வரை, இந்தப் பதினெட்டு நாள் மட்டும் பிள்ளையைப் பிசிறு மூட்டையிலிருந்து விட்டுவிடுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அக்காவை லீவு போடச் சொல்வதும் வேண்டாம். சின்னப் பிள்ளையை விட இடமே இல்லை என்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள், பக்கத்து அங்கன்வாடியில் பேசிப் பார்க்கிறேன்.

மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை டிவியும் போனும் இல்லாமல் இருந்தால் போதும், நடுராத்திரி வரை கண்விழிக்கத் தேவையில்லை. ஒரே அறை வீடாக இருந்தால் பள்ளியிலேயே மாலை 4.30 முதல் 6 மணி வரை 7 ஆ வகுப்பறையைத் திறந்து வைக்கிறேன், நானும் கூட இருப்பேன். 9ஆம் தேதி திங்கள் முதல் தொடங்கும், விடுமுறை நாளிலும் சனி ஞாயிறிலும் கிடையாது. பெண் பிள்ளைகளை ஆறு மணிக்கு யாராவது வந்து கூட்டிப்போனால் நல்லது. முடியாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் ஒரே தெருப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புகிறேன்.

காலைச் சாப்பாடு. இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்கிறேன். சிறுதேர்வு அன்று ஒரு பையன் பத்தரை மணிக்கே பெஞ்சில் தலை சாய்த்துவிட்டான். காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. "என்ன சாப்பிட்டே?" என்று கேட்டதற்குத் தலையைத் தூக்காமலே "டீ" என்றான். அம்மா காலையிலேயே கிளம்பிவிட்டார்கள், இட்லி மாவு இருந்தது, ஊற்றத் தெரியவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடையாது. பழைய சோறும் மோரும் இருந்தாலும் போதும், வெறும் வயிற்றோடு அனுப்ப வேண்டாம். மதியச் சத்துணவு பரீட்சை நாட்களிலும் உண்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் அனுப்புவோம்.

பரீட்சைக்குக் கொண்டுவர வேண்டியவை: நீல மை பேனா இரண்டு, பென்சில், ரப்பர், ஸ்கேல், அட்டை, தண்ணீர் பாட்டில். கணிதத்துக்குக் காம்பஸும் கோணமானியும். பரீட்சை அறையில் ஒருவருக்கொருவர் கடன் வாங்க விடமாட்டோம். வாங்க வசதி இல்லையென்றால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், என் மேஜையில் கூடுதலாக வைத்திருக்கிறேன். காலை 9.30க்குள் வந்துவிட வேண்டும். காய்ச்சல், அம்மை என்று உடம்புக்கு முடியாவிட்டால் வற்புறுத்தி அனுப்பாதீர்கள். அன்று காலையே வகுப்பு வாட்ஸாப் குழுவில் சொல்லிவிட்டால் விடுமுறை முடிந்ததும் அந்தப் பாடத்தைத் தனியாக எழுத வைக்கலாம்.

நேரில் பேச விரும்புகிறவர்களுக்காக 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 12 மணி வரை பள்ளியில் இருப்பேன். சனிக்கிழமை சம்பள நாள், உங்களால் வர முடியாது என்பதால்தான் ஞாயிறு. அப்பா, அம்மா, யார் வந்தாலும் சரி. பிள்ளையின் சிறுதேர்வுத் தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.

விடைத்தாள்களைக் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் கொடுப்பேன். அதை வாங்கியதும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தப்பான கணக்குகளுக்குப் பக்கத்தில் எங்கே தவறியது என்று நான் பச்சை மையில் எழுதியிருப்பேன். அதைப் பிள்ளை படித்துத் திரும்பப் போட்டிருக்கிறானா, போட்டிருக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

கடிதத்தைக் கேட்டு முடித்ததும் பிள்ளையின் டைரியில் 6ஆம் தேதிப் பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து 9ஆம் தேதி திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள். அட்டவணையைக் கத்தரித்து, வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலோ கேஸ் அடுப்புக்கு மேலேயோ, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் நலம் நாடும்
வகுப்பாசிரியை,
ஏழாம் வகுப்பு ஆ பிரிவு